தரை வடிகாலின் நீர்ப்பூட்டு: ஒரு வரலாறு

குளியலறை, சமையலறை, துணி துவைக்கும் இடம் ஆகியவற்றின் தரையில் விழும் நீரை வெளியேற்றும் துளை தரை வடிகால் எனப்படும். இத்துளைக்கு அடியில், வளைந்த குழாயிலோ கிண்ணத்திலோ எப்போதும் சிறிது நீர் தேங்கி நிற்கும்படி அமைக்கப்படும் உறுப்பைத் தமிழ்நாட்டுப் பிளம்பர்கள் டிராப் என்பர். அதில் நிற்கும் நீரே நீர்ப்பூட்டு. வீட்டிலிருந்து போகும் கழிவுநீருக்கு அது வழிவிடும். சாக்கடையிலிருந்து வரும் காற்றையும் பூச்சிகளையும் தடுக்கும். அசையும் பாகம் எதுவும் அதில் இல்லை.

வடிகாலின் வயது ஏறத்தாழ நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள். நீர்ப்பூட்டுக்கோ இன்னும் 260 வயது ஆகவில்லை. இந்த இடைவெளிக்கான காரணத்தையும், நீர்ப்பூட்டு எவ்வாறு தோன்றி நம் ஊர் வீடுகள் வரை வந்தது என்பதையும், அது எப்போது தவறுகிறது என்பதையும் இக்கட்டுரை கூறுகிறது. எடுத்துக்காட்டுக்கு இராணிப்பேட்டை மாவட்டத்தின் நெமிலி போன்ற ஒரு பேரூராட்சியின் வீடு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

பூட்டில்லாத வடிகால்கள்

மொகஞ்சதாரோவின் வீடுகளில் குளியல் தளங்கள் செங்கல்லால் நெருக்கமாகப் பாவப்பட்டு, ஒரு மூலையை நோக்கிச் சரிவாக அமைக்கப்பட்டிருந்தன. அம்மூலையிலிருந்து நீர் சுவரைக் கடந்து தெருவின் மூடிய வடிகாலைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் கீழடி அகழாய்வில் ஒன்றனுள் ஒன்று பொருந்தும் சுடுமண் குழாய்களும், திறந்த வடிகாலும் மூடிய வடிகாலும் வெளிப்பட்டன. கழிவுநீர் சேரும் முற்றத்தைக் குறிக்கும் 'அங்கணம்' என்னும் சொல் திருக்குறளின் 720-ஆம் குறளில் உவமையாக வருகிறது. ஆகவே வடிகால் நமக்குப் புதிதன்று.

ஆனால் இவற்றில் எதிலும் நீர்ப்பூட்டு இல்லை. நம் பழைய வீடுகளைப் பார்த்தால் அதன் காரணம் விளங்கும். குளிக்கும் இடம் புழக்கடையில் இருந்தது. சுவரின் அடியில் நேரான ஒரு தூம்பு. அதன் மறுபக்கம் வாழை மரமோ தென்னை மரமோ நின்றது. தூம்பின் வழியே பாம்போ எலியோ வரக்கூடும் என்பதால் இரவில் துணியைச் சுருட்டி அடைப்பார்கள். நாற்றம் பெரிதாக வருவதில்லை. ஏனெனில் தூம்பின் மறுமுனை திறந்தவெளியில் இருந்தது, மலக்கழிவும் அதனுடன் கலக்கவில்லை.

கழிவறை வீட்டுக்குள் வந்து, குழாய்கள் மூடப்பட்டு, அவற்றின் மறுமுனை செப்டிக் டேங்கிலோ பாதாளச் சாக்கடையிலோ சேர்ந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. காற்றோட்டமில்லாத இடத்தில் கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு என்னும் அழுகிய முட்டை நாற்றமுடைய வாயு உண்டாகிறது. வெளியேற வேறு வழியில்லாவிட்டால் அது வந்த குழாயிலேயே திரும்பி வீட்டுக்குள் நுழையும்.

இலண்டன் கடிகாரக்காரர்

இங்கிலாந்தில் ஜான் ஹாரிங்டன் என்பவர் 1596-இல் நீர் ஊற்றிக் கழுவும் கழிவறை ஒன்றை விவரித்து நூல் எழுதினார். அதன் குழாய் நேராகக் கீழே இறங்கியதால் நாற்றமும் நேராக மேலே வந்தது. அக்கருவி பரவவில்லை.

இதற்குத் தீர்வு கண்டவர் ஸ்காட்லாந்தில் பிறந்து இலண்டனில் கடிகாரம் செய்துவந்த அலெக்சாண்டர் கம்மிங். கழிவறைத் தொட்டியின் அடியில் வரும் குழாயை எஸ் வடிவில் வளைத்து, அவ்வளைவில் நீர் தேங்கும்படி செய்து 1775-இல் அவர் காப்புரிமை பெற்றார். மூன்றாண்டுகள் கழித்து 1778-இல் ஜோசப் பிராமா அக்கழிவறையின் அடைப்பிதழைத் திருத்தியமைத்தார். அடைப்பிதழ்கள் பலமுறை மாறின. வளைந்த குழாய் மட்டும் இன்றுவரை நிலைத்துவிட்டது.

தவறான கொள்கை, சரியான குழாய்

நீர்ப்பூட்டை உலகெங்கும் பரப்பியது ஒரு தவறான கொள்கை. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, அழுகும் பொருள்களிலிருந்து எழும் கெட்ட காற்றே காலரா, டைபாய்டு போன்ற நோய்களை உண்டாக்குகிறது என்று மருத்துவர்களில் பெரும்பாலோர் நம்பினர். 1858 கோடையில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் பாராளுமன்றத்தையே முடக்கும் அளவுக்குச் சென்றது. அதன் பிறகே ஜோசப் பசல்கெட்டின் பெரும் சாக்கடைத் திட்டத்துக்குப் பணம் கிடைத்தது. 1871-இல் இளவரசர் எட்வர்டு டைபாய்டு நோயில் விழுந்து உயிர் பிழைத்தார். அவர் தங்கியிருந்த ஸ்கார்பரோ மாளிகையின் வடிகால்மீது பழி விழுந்தது. அதன்பின் வசதி படைத்தோர் தம் வீட்டு வடிகால்களைத் தோண்டிப் பார்க்கத் தொடங்கினர்.

அக்காலத்தில் ஸ்டீவன்ஸ் ஹெல்லியர் என்னும் பிளம்பர் 1877-இல் வெளியிட்ட நூல் முதலானவை, எந்த டிராப் நல்லது, எது கெட்டது என்பதை விரிவாக ஆராய்ந்தன. மூன்று உண்மைகள் அப்போது தெளிவாயின. முதலாவது, டிராப் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் வடிவில் இருக்கவேண்டும். மூலைகளுள்ள பெட்டி வடிவ டிராப்பில் சேறு தங்கி அதுவே நாறும். இரண்டாவது, நீரின் ஆழம் போதுமானதாக இருக்கவேண்டும். மூன்றாவது, குழாயில் நீர் வேகமாக ஓடும்போது உறிஞ்சும் விசை தோன்றி டிராப்பின் நீரையே இழுத்துக்கொண்டு போய்விடும். இதைத் தடுக்கக் குழாய்க்குக் காற்று வர ஒரு வழி வேண்டும். கூரைக்கு மேல் நீட்டப்படும் வென்ட் பைப்பின் வேலைகளில் இதுவும் ஒன்று.

காலராவைப் பரப்புவது காற்றன்று, நீரே என்று ஜான் ஸ்நோ 1854-இலேயே காட்டியிருந்தார். இராபர்ட் கோக் 1884-இல் கல்கத்தாவில் காலராக் கிருமியை இனங்கண்டபின் கெட்ட காற்றுக் கொள்கை வலுவிழந்தது. ஆனால் அக்கொள்கைக்காக இடப்பட்ட குழாய்கள் மட்டும் அப்படியே தொடர்ந்தன. நாற்றத்தையும் பூச்சியையும் அவை தடுத்ததால் யாரும் அகற்ற நினைக்கவில்லை.

நானி டிராப் என்னும் பெயர்

சென்னை நகருக்கான வடிகால் திட்ட அறிக்கையைப் பொறியாளர் ஹெக்டர் டல்லாக் 1865-இல் அளித்தார். பின்னர் அவர் பம்பாய் நகராட்சியில் பொறியாளராகப் பணியாற்றி அந்நகரின் வடிகால் பற்றியும் எழுதினார். பிரிட்டிஷ் வடிகால் முறை இவ்வாறு இந்தியப் பெருநகரங்களுக்கு வந்தபோது ஒரு வேறுபாடு தென்பட்டது. அங்கே தொட்டியில் அமர்ந்து குளிப்பது வழக்கம். இங்கே தரையில் நின்றோ உட்கார்ந்தோ நீரை ஊற்றிக் குளிக்கிறோம். ஆகவே இந்திய வீட்டின் முதன்மையான வடிகால் தரையில்தான் இருக்கவேண்டியதாயிற்று.

தரையில் பதிக்கப்படும் இந்த டிராப்புக்கு இந்தியப் பொறியியல் நூல்கள் தரும் பெயர் நஹானி டிராப். குளியலிடத்தைக் குறிக்கும் 'ந்ஹாணி' என்ற மராத்திச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. நம் கடைகளில் இது நானி டிராப் ஆகிவிட்டது. கட்டட வடிகால் அமைப்புக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1742 என்ற எண்ணுடையது. அதுவும் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் தரை டிராப்பில் குறைந்தது 50 மி.மீ., அதாவது இரண்டு அங்குல ஆழ நீர்ப்பூட்டைக் கேட்கின்றன.

இரண்டு அங்குலம் என்பதற்குக் காரணம் உண்டு. 50 மி.மீ. உயர நீர் ஏறத்தாழ 490 பாஸ்கல் அழுத்தத்தைத் தாங்கும். மேல்மாடியிலிருந்து ஒரு வாளி நீரை ஒரேயடியாகக் கொட்டும்போது குழாயில் ஏற்படும் அழுத்த மாற்றத்தைச் சமாளிக்க அது பொதுவாகப் போதும். 15 மி.மீ. மட்டும் இருந்தால் 150 பாஸ்கலிலேயே பூட்டு உடைந்துவிடும்.

இன்றைய டிராப் வகைகள்

கழிவு வெளியேறும் திசையைக் கொண்டு டிராப்புகள் மூன்றாகப் பிரிக்கப்படும். வெளிவாய் ஏறத்தாழக் கிடையாக இருந்தால் பி டிராப். சாய்வாக இறங்கினால் கியூ டிராப். நேராகக் கீழே இறங்கினால் எஸ் டிராப். கம்மிங்கின் வளைவு எஸ் வகை. அதன் நீண்ட இறங்கு குழாய் முழுவதும் நீரால் நிறையும்போது நீர்ப்பூட்டு தானாகவே உறிஞ்சப்படும் வாய்ப்பு அதிகம். எனவே சுவர் வழியே குழாயை வெளியேற்ற முடிந்த இடங்களில் பி டிராப்பே நல்லது.

நானி டிராப்பும் கடைகளில் இருவகையாகக் கிடைக்கிறது. ஒன்று ஆழமான உடலுடையது. உள்ளே ஒரு தடுப்பு நீருக்குள் இறங்கி நிற்கும். மற்றொன்று ஆழம் குறைந்தது. ஜாலியின் அடியில் கவிழ்த்த கிண்ணம் ஒன்று இருக்கும், அதன் விளிம்பு சுற்றியுள்ள நீரில் அமிழ்ந்திருக்கும். கரப்பான் ஜாலி என்று விற்கப்படுவது பெரும்பாலும் இதுவே. இது புதிய கண்டுபிடிப்பன்று. மணி டிராப் என்ற பெயரில் 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் புழங்கி, அக்காலத்து நிபுணர்களாலேயே கண்டிக்கப்பட்டது. அவர்கள் கூறிய குறைகள் இன்றும் பொருந்தும். அதன் நீரின் ஆழம் குறைவு. முடி சேர்ந்து நீர் தேங்கினால் வீட்டார் கிண்ணத்தைத் தூக்கி எறிந்துவிடுவர்; அதன்பின் அது வெறும் துளை.

வீட்டுக்கு வெளியே, குளியலறை மற்றும் சமையலறை நீர் தெருச் சாக்கடையைச் சேருமுன் பதிக்கப்படுவது கல்லி டிராப். சதுர வாயும் மேலே ஜாலியும் கொண்ட இது இரண்டாவது காவல். தெருச் சாக்கடையின் எலி, கரப்பான், நாற்றம் ஆகியவை வீட்டுக் குழாய்க்குள்ளேயே நுழையாதபடி இது தடுக்கிறது. ஒரே வழியில் இரண்டு டிராப் இருந்தால் இடையில் காற்று அடைபட்டு நீர் மெதுவாக இறங்கும். கல்லி டிராப்பின் வாய் திறந்த வெளியில் இருப்பதால் அச்சிக்கல் எழுவதில்லை. அதன் வாயைச் சிமெண்டால் பூசி மூடிவிடுவது சிலர் செய்யும் பிழை. மூடியபின் குளியலறையில் நீர் குளுக் குளுக்கென்று தயங்கி இறங்கத் தொடங்கும்.

நெமிலியில் ஒரு குளியலறை

அரக்கோணத்துக்கு அருகிலுள்ள நெமிலி போன்ற ஊர்களில் பல வீடுகளுக்குக் கழிவறைக்கென்று செப்டிக் டேங்க் உண்டு. குளியல் நீர் தெருவோரக் கால்வாயில் சேரும். இத்தகைய ஒரு வீட்டில் 8 அடி நீளமும் 5 அடி அகலமும் கொண்ட குளியலறை கட்டப்படுவதாகக் கொள்வோம். கதவு 5 அடிச் சுவர் ஒன்றில் உள்ளது. குழாய் எதிர்ச்சுவரில் உள்ளது.

வடிகாலை எதிர்ச்சுவரின் மூலையில், குழாய்ப் பக்கம் வைக்கவேண்டும். கதவருகில் வைத்தால் நீர் முழுவதும் நடக்கும் வழியில் ஓடும். நடுவில் வைத்தால் நான்கு புறமும் சரிவு தேவைப்பட்டு ஓடுகளை வெட்டவேண்டிவரும். வாளி வைக்கும் இடத்துக்கு நேர்கீழே வைத்தால் வாளி ஜாலியை மூடிக்கொள்ளும். சுவரையொட்டி வைக்காமல் நான்கைந்து அங்குலம் தள்ளி வைத்தால்தான் பின்னர் ஜாலியைக் கழற்றிக் கையை விட்டுச் சுத்தம் செய்யமுடியும்.

அடுத்தது சரிவு. நம் கொத்தனார்கள் அங்குலத்தை எட்டு நூலாகக் கணக்கிடுவர். அடிக்கு ஒன்றரை நூல் சரிவு கொடுத்தால் அது ஏறத்தாழ 64-க்கு 1. எட்டடிக்குப் பன்னிரண்டு நூல், அதாவது கதவருகே உள்ள தரையைவிட வடிகால் அருகே தரை ஒன்றரை அங்குலம் தாழ்ந்திருக்கும். அடிக்கு ஒரு நூலுக்குக் கீழே போனால் நீர் தேங்கும்; அதிகமானால் கால் வழுக்கும். ஜாலியின் மேல்மட்டம் சுற்றியுள்ள ஓட்டைவிட ஒரு நூல் தாழ்ந்திருக்கவேண்டும். ஓடு ஒட்டும்போது ஜாலி உயர்ந்துவிடுவதே சுற்றிலும் வளையமாக நீர் நிற்பதற்குக் காரணம். வேலை முடிந்ததும் ஒரு வாளி நீரைக் கதவருகே ஊற்றிப் பார்க்கவேண்டும். ஐந்து நிமிடத்துக்குப் பின்னும் நீர் நிற்கும் இடம் இருந்தால், கொத்தனார் இருக்கும்போதே அதைச் சரிசெய்துகொள்ளலாம்.

டிராப்பின் வெளிவாய்க் குழாய் சுவரைக் கடந்து வெளியே கல்லி டிராப்பில் விழவேண்டும். கழிவறைக் குழாய் தனியாகச் செப்டிக் டேங்குக்குச் செல்லவேண்டும். செலவைக் குறைக்கக் குளியலறைக் குழாயைக் கழிவறைக் குழாயுடன் இணைத்தால், செப்டிக் டேங்கின் வாயுவுக்கும் வீட்டுக்கும் இடையே அந்த இரண்டு அங்குல நீர் மட்டுமே காவலாகிவிடும். செப்டிக் டேங்கில் சோப்பு நீரும் நிறைந்து அதன் வேலை கெடும்.

டிராப்பில் எவ்வளவு ஆழப் பூட்டு உள்ளது என்பதை வாங்கும்போதே பார்க்கலாம். பதித்தபின் அளக்கவேண்டுமானால் கெட்டியான கம்பியின் நுனியைக் கொக்கிபோல் மடக்கி, ஜாலியைக் கழற்றிவிட்டு உள்ளே இறக்கவேண்டும். நீருக்குள் இறங்கியுள்ள தடுப்பின் கீழ்விளிம்பில் கொக்கியை மாட்டி மேலே இழுத்துப் பிடித்தபடி, நீர்மட்டம் கம்பியில் எங்கே படுகிறது என்று குறிக்கவேண்டும். அக்குறிக்கும் கொக்கியின் வளைவுக்கும் உள்ள உயரமே பூட்டின் ஆழம்.

பூட்டு வறண்டுபோதல்

நீர்ப்பூட்டு அடிக்கடி தவறுவதற்குக் காரணம் வறட்சி. விருந்தினர் அறையின் குளியலறையும், பூட்டிக் கிடக்கும் மாடி வீடும் இதற்கு இலக்காகும். வட தமிழகத்தின் ஏப்ரல், மே மாதங்களில் டிராப்பிலுள்ள நீர் நாளொன்றுக்கு 2 மி.மீ. ஆவியாவதாகக் கணக்குக்கு வைத்துக்கொண்டால், 50 மி.மீ. பூட்டு 25 நாளில் திறந்துவிடும். ஆழம் குறைந்த கிண்ண வகையில் 15 மி.மீ. மட்டும் இருந்தால் எட்டாம் நாளே திறந்துவிடும். விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பும் குடும்பத்தைக் கதவு திறந்தவுடன் நாற்றம் வரவேற்பது இதனால்தான்.

ஆவியாகாமலும் நீர் குறையலாம். நீண்ட முடியோ துணி நூலோ டிராப்பின் வெளிவாய் விளிம்பில் தொங்கினால், விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் நீரைச் சொட்டுச் சொட்டாக மறுபுறம் இறக்கிவிடும். நாள்தோறும் பயன்படுத்தும் குளியலறையிலும் விடியற்காலையில் மட்டும் நாற்றம் வந்தால் முதலில் இதைத் தேடவேண்டும். மாடியில் வாளி கொட்டும்போது கீழ்வீட்டு டிராப் குளுக்கென்று ஒலித்தால் அது உறிஞ்சப்படுகிறது என்று பொருள். அதற்கு மருந்து வென்ட் பைப். டிராப்பை மாற்றுவதால் பயனில்லை.

ஹாங்காங் காட்டிய உண்மை

இந்த வறட்சி எவ்வளவு பெரிய தீங்கை விளைவிக்கும் என்பதை 2003-இல் ஹாங்காங்கின் ஆமாய் கார்டன்ஸ் குடியிருப்பு உலகுக்குக் காட்டியது. அங்கே 33 மாடிக் கட்டடங்கள். மாடிக்கு எட்டு வீடுகள். சார்ஸ் நோயுற்ற ஒருவர் மார்ச் 14, 19 ஆகிய நாள்களில் 'இ' கட்டடத்திலுள்ள உறவினர் வீட்டுக்கு வந்து, வயிற்றுப்போக்குடன் அங்குள்ள கழிவறையைப் பயன்படுத்தினார். ஏப்ரல் நடுப்பகுதிக்குள் அக்குடியிருப்பில் 321 பேருக்கு நோய் கண்டது. அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் 'இ' கட்டடத்தினர்.

விசாரணை குளியலறைத் தரை வடிகாலில் வந்து நின்றது. அங்குள்ளோர் தரையை நீர் ஊற்றிக் கழுவாமல் ஈரத்துணியால் துடைத்து வந்தனர். அதனால் தரை வடிகால்களின் டிராப்புகள் வறண்டு கிடந்தன. குளியலறையின் காற்று வெளியேற்றும் விசிறி ஓடும்போது அறையின் அழுத்தம் குறைந்து, பொதுக் கழிவுக் குழாயிலிருந்த நுண்துளிகளை வறண்ட டிராப் வழியே உள்ளே இழுத்தது. வெளியே வந்த துளிகள் அக்கட்டடத்தின் வீடுகளுக்கு இடையேயான குறுகிய வெளியில் எழுந்து மற்ற வீடுகளுக்கும் பரவின என்பது சுகாதாரத் துறையின் விளக்கம். காற்று பரவிய பாதையைப் பற்றிப் பின்னர் வேறு ஆய்வுகளும் வந்தன. வறண்ட டிராப் காவல் தரவில்லை என்பதில் மாற்றுக் கருத்து இல்லை.

19-ஆம் நூற்றாண்டினர் சாக்கடைக் காற்று டைபாய்டைத் தரும் என்று எண்ணியது பிழை. அப்பிழையால் அவர்கள் வைத்துச் சென்ற நீர், நூற்றாண்டு கழித்து வேறொரு நோய்க்கு எதிராகத் தேவைப்பட்டது.

பூச்சிகள்

நீர்ப்பூட்டு எல்லாப் பூச்சிகளையும் ஒரேபோல் தடுப்பதில்லை. சாக்கடைக் கரப்பான் வறண்ட டிராப் வழியே எளிதில் ஏறும். ஈரமான டிராப்பிலும் சிறு ஆழத்தைக் கடந்து வரவல்லது. வளர்ந்த கரப்பானும் 3 மி.மீ. இடுக்கில் உடலை நசுக்கி நுழையும் என்பதால் அகன்ற துளையுள்ள ஜாலி அதற்கு ஒரு தடையன்று. வெளியே கல்லி டிராப் இருப்பதும், குழாய் சுவரைக் கடக்கும் இடத்தின் இடைவெளியைச் சிமெண்டால் அடைப்பதும் ஜாலியைவிட அதிகம் உதவும்.

குளியலறைச் சுவரில் அசையாமல் அமர்ந்திருக்கும், மயிரடர்ந்த சிறு சாம்பல் நிற ஈ வேறு வகை. இதைச் சாக்கடை ஈ என்பர். இது தெருவிலிருந்து வருவதில்லை. டிராப்பின் உட்சுவரில், நீர்மட்டத்துக்கு மேலே, வீட்டுப் பக்கத்திலேயே படியும் வழுவழுப்பான சோப்பு, முடி, அழுக்குப் படலத்தில் முட்டையிட்டுப் பெருகுகிறது. ஆகவே நீர்ப்பூட்டு எவ்வளவு ஆழமாயினும் இது வரும். ஒட்டும் பக்கம் கீழே இருக்கும்படி ஓர் ஒளிபுகும் நாடாவை, காற்று புகச் சிறிது இடைவிட்டு, இரவில் ஜாலியின் மேல் ஒட்டிவைத்தால் உண்மை தெரியும். காலையில் அதில் ஈக்கள் ஒட்டியிருந்தால் பிறப்பிடம் அந்த வடிகாலே.

பினாயிலும் பிளீச்சிங் பவுடர் நீரும் அப்படலத்தின் மேல் வழுக்கி ஓடிவிடும். கொதிநீர் பி.வி.சி. குழாயை இளக்கிவிடும். ஜாலியைக் கழற்றி, நீண்ட தூரிகையால் உட்சுவரைத் தேய்த்துப் படலத்தை உரித்தெடுப்பதே வழி. முட்டையிலிருந்து ஈயாக ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். எனவே வாரம் இருமுறை வீதம் மூன்று வாரமாவது தேய்க்கவேண்டும். ஒருமுறை தேய்த்துவிட்டு ஈ போகவில்லை என்று கைவிடுவோர் பலர்.

மூன்றாவது கொசு. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு அழுக்கு நீரில் பெருகும். செப்டிக் டேங்கும் தேங்கிய சாக்கடையும் அதற்கு ஏற்ற இடங்கள். தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1955-இல் தொடங்கியதுமுதல் சாக்கடைக் கொசு ஒழிப்பு அதன் ஒரு பகுதி. செப்டிக் டேங்கின் வென்ட் பைப் நுனியில் கொசுவலைத் துணியைக் கட்டுவது இதன் மிக மலிவான பாதுகாப்பு. பயன்படுத்தாத டிராப்பின் நீரிலும் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக நம் வெப்பநிலையில் ஏழு முதல் பத்து நாள் ஆகும்.

இதிலிருந்து ஒரு எளிய கணக்கு கிடைக்கிறது. ஆவியாதலைச் சமன்செய்ய ஆழம் குறைந்த டிராப்புக்கும் வாரம் ஒருமுறை நீர் போதும். கொசுப் புழுவை அடித்துச் செல்லவும் வாரம் ஒருமுறை போதும். பயன்படுத்தாத ஒவ்வொரு வடிகாலிலும் குறித்த ஒரு நாளில் அரை வாளி நீரை வேகமாக ஊற்றினால் இரு வேலையும் ஒன்றாக முடியும். ஒரு மாதத்துக்கு மேல் வீட்டைப் பூட்டிச் செல்வோர் நீர் ஊற்றியபின் இரண்டு கரண்டி எண்ணெயையும் ஊற்றலாம். மேலே படரும் எண்ணெய் ஆவியாவதைக் குறைக்கும், கொசுப் புழு மூச்சுவிடுவதையும் தடுக்கும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்குப் படலமாகும் என்பதால் திரும்பி வந்ததும் டிராப்பைத் தேய்த்துக் கழுவவேண்டும்.

நீரில்லாப் பூட்டுகள்

அண்மைக் காலத்தில் நீருக்குப் பதிலாகச் சிலிக்கான் இரப்பர் இதழ், சுருள்வில், காந்தம் ஆகியவற்றால் மூடும் வடிகால்கள் விற்கப்படுகின்றன. நீர் விழும்போது திறந்து, நின்றதும் மூடிக்கொள்ளும். நாள்கணக்கில் நீர் விழாத இடத்தில் இவை பயன்படும். ஆனால் ஒரே ஒரு முடி இதழில் சிக்கினாலும் மூடாது. மூடவில்லை என்பது வெளியே தெரியவும் தெரியாது. ஆகவே இவற்றை நீர்ப்பூட்டுக்கு மேல் கூடுதலாக வைக்கலாம்; நீர்ப்பூட்டை எடுத்துவிட்டு வைப்பது சரியன்று.

நாற்றம் எங்கிருந்து வருகிறது

வேலூர், ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் பகுதியில் இதற்கு ஒரு கூடுதல் குழப்பம் உண்டு. தோலிலிருந்து முடியை நீக்கச் சோடியம் சல்பைடும் சுண்ணாம்பும் பயன்படுவதால், தோல் தொழிற்சாலைக் கழிவிலும் அதே ஹைட்ரஜன் சல்பைடு எழக்கூடும். அதனால் தம் வீட்டு வடிகாலின் நாற்றத்தைக் காற்று திசைமாறி வீசும் தொழிற்சாலை நாற்றம் என்று விட்டுவிடுவதும் உண்டு, எதிர்மாறாகவும் உண்டு.

வேறுபடுத்திப் பார்க்க ஓர் இரவு போதும். ஜாலியின் மேல் பிளாஸ்டிக் தாளை வைத்து நான்கு ஓரமும் நாடாவால் ஒட்டி, சன்னலை மூடிவிடவேண்டும். காலையில் அறையில் நாற்றம் இல்லாமல், தாளைத் தூக்கியதும் குப்பென்று வீசினால் அது வடிகாலினது. பின்னர் அரை வாளி நீர் ஊற்றி அடுத்த இரவும் அவ்வாறே செய்யவேண்டும். இம்முறை நாற்றம் இல்லையென்றால் பூட்டு வறண்டிருந்தது. அப்போதும் இருந்தால் டிராப் உடைந்திருக்கிறது, கிண்ணம் இல்லை, அல்லது படலமே நாறுகிறது. தாள் ஒட்டியிருந்தபோதும் அறையில் நாற்றம் இருந்தால் கழிவறைப் பீங்கானின் அடியிணைப்பையோ வெளிக்காற்றையோ ஐயுறவேண்டும்.

ஒரு எச்சரிக்கை இங்கே அவசியம். ஹைட்ரஜன் சல்பைடு மிகக் குறைந்த அளவிலேயே மூக்குக்குத் தெரியும்; ஆனால் செறிவு கூடினால் முகரும் ஆற்றலையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று எண்ணிச் செப்டிக் டேங்கிலோ கழிவுத் தொட்டியிலோ இறங்கியவர்கள் மயங்கி விழுந்து இறப்பதும், அவரைக் காப்பாற்ற இறங்கியவரும் இறப்பதும் இதனால்தான். மேற்சொன்ன சோதனைகள் அனைத்தும் தரைக்கு மேலிருந்து செய்பவை. அதற்கு அப்பால் தொட்டிக்குள் மனிதர் இறங்கக்கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் உரிய பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. தொட்டியைச் சுத்தம் செய்யக் கழிவுநீர் உறிஞ்சும் வண்டியை அழைக்கவேண்டும்.